பிளேடு இடுக்கில் புகுந்த ஒளி

இரண்டு பக்கமும் கூருள்ள பழைய மாதிரிச் சவர பிளேடு இன்னும் பெட்டிக்கடைகளில் கிடைக்கிறது. காகித உறையைப் பிரிக்காமலேயே நீளவாக்கில் வளைத்தால் நடுத்துளையோடு இரண்டாக ஒடிந்துவிடும், விரலும் தப்பிக்கும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை போட்டு, அந்த ஓட்டையின் மேல் இரண்டு துண்டுகளையும் கூர்முனைகள் எதிரெதிராக இருக்கும்படி வைத்தேன். நடுவில் ஒரு வெள்ளைத்தாளைச் செங்குத்தாக நிறுத்தி, இரு முனைகளும் தாளை மெல்லத் தொடும்வரை நகர்த்தி, டேப் போட்டு ஒட்டிவிட்டுத் தாளை உருவினேன். 500 தாள் கொண்ட ஒரு ரீம் கட்டு ஏறத்தாழ 5 செ.மீ. உயரம் இருக்கும். ஆக ஒரு தாளின் தடிமன் 0.1 மி.மீ. என் பிளவின் அகலமும் அதுதான் என்று வைத்துக்கொண்டேன்.

விளக்கை அணைத்துவிட்டு, புத்தக அடுக்கின் மேல் ஒரு சிவப்பு லேசர் பாயின்டரை வைத்து, பொத்தான் அமுங்கியே இருக்கத் துணிக்கிளிப்பை மாட்டி, ஒளியைப் பிளவின் வழியே மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் சுவருக்கு அனுப்பினேன். (கற்றையை நேராகக் கண்ணால் பார்க்கக் கூடாது, பளபளக்கும் பிளேடில் பட்டுத் திரும்பும் ஒளியையும்தான்.) பிளவு செங்குத்தாக நிற்கிறது. அதனால் சுவரிலும் செங்குத்தாக ஒரு மெல்லிய சிவப்புக் கோடு விழும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். விழுந்ததோ கிடைமட்டமாக நீண்ட ஒரு வரிசை. நடுவில் நாலு செ.மீ. அகலத்துக்குப் பளீரென்று ஒரு பட்டை. அதன் இருபுறமும் கறுப்பு இடைவெளி, பிறகு மங்கலான ஒரு சிறு பட்டை, மறுபடி கறுப்பு, இன்னும் மங்கலாக ஒன்று. இப்படியே கண்ணுக்குத் தெரியாமல் தேயும்வரை போகிறது. நடுப்பட்டையின் அகலம் மற்றவற்றைப்போல் சரியாக இரண்டு மடங்கு.

பிளேடுகளை இன்னும் நெருக்கினால், ஒளி போக இடம் குறைகிறதே, சுவரில் பட்டையும் ஒடுங்க வேண்டும் அல்லவா? நேர்மாறாக விரிகிறது. இடுக்கு பாதியானால் பட்டை இரட்டிக்கிறது.

பள்ளிப் பாடநூலில் இதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். முதல் கறுப்பு எங்கே விழும் என்பதற்கு அங்கே ஒரு சூத்திரம் உண்டு: a sin θ = λ. பிளவின் அகலம் a, அலைநீளம் λ. என் கணக்கில் λ 650 நானோமீட்டர், a 0.1 மி.மீ. மூன்று மீட்டர் தொலைவுச் சுவரில், நடுவிலிருந்து 19.5 மி.மீ. தள்ளி முதல் கறுப்பு விழ வேண்டும். ஆக நடுப்பட்டை 39 மி.மீ. அளவுகோலை வைத்துப் பார்த்தபோது கிடைத்தது 44 மி.மீ. தாளை உருவும்போது பிளேடுகள் கொஞ்சம் நெருங்கியிருக்க வேண்டும். திருப்பிக் கணக்குப் போட்டால் பிளவு 0.089 மி.மீ. என்று வருகிறது. சாதாரண அளவுகோலை வைத்துக்கொண்டு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பேச முடிகிறது என்பதைக் கவனியுங்கள். ஆனால் மூன்றாவது தசம இடத்துக்குப் போய்ச் சண்டை போட வேண்டாம். மலிவான பாயின்டர்களின் ஒட்டுத்தாளில் 630–680 நானோமீட்டர் என்றுதான் அச்சிட்டிருக்கும். அந்த இழுபறி விடையிலும் வந்து சேரும்.

கறுப்பு எப்படி வருகிறது என்பதற்குப் பாடநூல் சொல்லும் விளக்கம் எளிமையானது. பிளவின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அலை கிளம்புகிறது. முதல் கறுப்பின் திசையில், பிளவின் ஒரு விளிம்பிலிருந்து வரும் அலை மறு விளிம்பிலிருந்து வருவதைவிடச் சரியாக ஒரு அலைநீளம் அதிகம் நடக்கிறது. பிளவை மனதுக்குள் இரண்டு பாதியாக்குங்கள். முதல் பாதியின் தொடக்கப் புள்ளிக்கு இரண்டாம் பாதியின் தொடக்கப் புள்ளி ஜோடி. இருவருக்கும் அரை அலைநீள வித்தியாசம். ஒருவருடைய மேடு வரும்போது மற்றவருடைய பள்ளம் வருகிறது. இப்படி ஒவ்வொரு ஜோடியாக அடித்துப்போய்விட, மிச்சம் எதுவுமில்லை.

அடுத்த சிறு பட்டைக்கு வித்தியாசம் ஒன்றரை அலைநீளம். இப்போது பிளவை மூன்று பங்காக்க வேண்டும். இரண்டு பங்கு ஒன்றையொன்று தின்றுவிடும். மூன்றில் ஒன்று தப்பும். தப்பிய பங்குக்குள்ளும் அலைகள் எல்லாம் ஒரே தாளத்தில் இல்லை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அரை அலை வித்தியாசம் இருப்பதால் கூட்டினால் 0.64 பங்குதான் தேறும். மூன்றில் ஒன்றை 0.64-ஆல் பெருக்கினால் 0.21. இது அலையின் வீச்சு. கண் பார்ப்பது செறிவை, அதாவது வீச்சின் வர்க்கத்தை. 0.21-இன் வர்க்கம் 0.045. நடுப்பட்டையின் பிரகாசத்தில் 4.5 சதவீதம்! உச்சி விழும் இடத்தை நுணுக்கமாகக் கணக்கிட்டால் 4.7 சதவீதம், அதற்கடுத்த பட்டை 1.65 சதவீதம். கைக்கணக்குக்கு இவ்வளவு நெருக்கம் போதும்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், பல பாடநூல்கள் நிறுத்தியும்விடுகின்றன. ஆனால் பாதியாக்கு, மூன்றாக்கு, நாலாக்கு என்ற இந்த வித்தை ஒற்றைப் பிளவுக்கு மட்டுமே சுலபமாகச் செல்லும். பிளவின் ஓரம் மங்கலாக இருந்தால்? பிளவே இல்லாமல் குறுக்கே ஒரு தலைமுடி இருந்தால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுத் தந்திரம் தேட வேண்டும். அதே காட்சியைக் கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பார்த்தால் எல்லாவற்றையும் ஒரே கேள்வியாக்கிவிடலாம்.

சுவரில் ஏதாவது ஒரு புள்ளியைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்தப் புள்ளியை நோக்கிப் போகும் ஒளிக்கு, பிளவின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நகர நகர, நடக்கும் தூரம் சீராகக் கூடிக்கொண்டே போகிறது. தூரம் ஒரு அலைநீளம் கூடும்போதெல்லாம் மேடு-பள்ளம் என ஒரு சுற்று முடிகிறது. ஆகவே அந்தச் சுவர்ப்புள்ளியின் பார்வையில், பிளவின் குறுக்கே ஒரு நெளிவு வரையப்பட்டிருக்கிறது: மேடு, பள்ளம், மேடு, பள்ளம். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடைவெளி λ / sin θ. வேறு புள்ளியைத் தேர்ந்தால் வேறு நெளிவு. நேர் நடுப்புள்ளிக்கு நெளிவே இல்லை, எல்லாம் சமதளம். நடுவிலிருந்து 10 மி.மீ. தள்ளிய புள்ளிக்கு நெளிவின் நீளம் 0.195 மி.மீ. 19.5 மி.மீ. தள்ளியதற்கு 0.1 மி.மீ. 39 மி.மீ. தள்ளியதற்கு 0.05 மி.மீ. வெளியே போகப்போக நெளிவு பொடிசாகிறது.

இப்போது அந்தந்தப் புள்ளியில் எவ்வளவு வெளிச்சம் விழும்? அந்த நெளிவை எடுத்துப் பிளவின் அகலத்துக்குக் கத்தரித்து, மேடுகளையும் பள்ளங்களையும் கூட்டிப் பார்க்க வேண்டியதுதான். பிளவுக்குள் சரியாக ஒரு முழு நெளிவு அடங்கினால் மேடும் பள்ளமும் சமன், விடை பூஜ்ஜியம், முதல் கறுப்பு. இரண்டு முழு நெளிவு அடங்கினால் மறுபடி பூஜ்ஜியம்; இரண்டாம் கறுப்பு. ஒன்றரை அடங்கினால் அரை நெளிவு மிஞ்சும்; சிறு பட்டை. சிவப்பு லேசரும் மூன்று மீட்டரும் என் அளவுகளும் ஒதுங்கிப்போய், "பிளவுக்குள் எத்தனை நெளிவு?" என்ற ஒரே எண்தான் மிச்சம். அந்த எண்ணை π-ஆல் பெருக்கி β என்று பெயர் வைத்தால், சுவர் முழுவதும் ஒரு வரியில் அடங்கிவிடுகிறது:

I = I₀ (sin β / β)²,  β = π a sin θ / λ

ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டு, நீளமான நெளிவிலிருந்து பொடி நெளிவு வரை ஒவ்வொன்றாக அதன் மேல் வைத்து, "இந்த நெளிவு உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டு விடைகளை வரிசையாக எழுதிவைப்பதற்குத்தான் ஃபூரியர் மாற்றம் என்று பெயர். செய்முறை மூன்றே படி: வடிவத்தை நெளிவால் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு, விடையைக் குறித்துக்கொள், பிறகு அடுத்த நெளிவுக்குப் போ. நம் பிளவை எண்ணாக எழுதினால், இடுக்கு உள்ள இடத்தில் 1, பிளேடு மறைக்கும் இடத்தில் 0. ஒன்றால் பெருக்கினால் ஒளி கடக்கிறது. பூஜ்ஜியத்தால் பெருக்கினால் தடைப்படுகிறது. நெளிவைப் பாதைத் தூர வித்தியாசம் போட்டுத்தருகிறது. கூட்டலை அலைகளே சுவரில் வந்து சேரும்போது செய்துகொள்கின்றன. பிளேடும் சுவரும் சேர்ந்து ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிட்டன. நாம் அளவுகோலை வைத்து விடையைப் படிக்கிறோம்.

இதைக் கண்டுபிடித்த ஜோசப் ஃபூரியருக்கு ஒளியைப் பற்றிய நினைப்பே இல்லை. திடப்பொருள்களில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வடிவத்தையும் நெளிவுகளின் கூட்டாக எழுதலாம் என்று 1807-இல் பாரிஸில் கட்டுரை கொடுத்தபோது, பரிசீலித்தவர்களில் ஒருவரான லக்ராஞ்ஜ் ஒப்புக்கொள்ளவில்லை. புத்தகமாக வெளிவர 1822 ஆயிற்று.

நெருக்கினால் விரியும் என்ற முதல் ஆச்சரியத்துக்கு இப்போது காதால் ஒரு விளக்கம் சொல்லலாம். தம்புராவின் ஒரு தந்தி நெடுநேரம் ஒலிக்கிறது. என்ன சுருதி என்று காது துல்லியமாகச் சொல்லிவிடும். கை தட்டும் சத்தம் ஒரு கணம்தான். அதற்கு என்ன சுருதி? யாராலும் சொல்ல முடியாது. குறுகிய நேரத்துக்குள் முடியும் ஒலியில் எல்லாச் சுருதிகளும் கலந்து கிடக்கின்றன. நீண்டு ஒலிப்பதில் சிலவே தனித்து நிற்கின்றன. நேரத்துக்குப் பதில் இடம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். குறுகிய பிளவு கைதட்டல் மாதிரி. அதனுள் பல அளவு நெளிவுகளும் கலந்திருப்பதால், அவற்றுக்குரிய பல திசைகளிலும் ஒளி போகிறது. அகன்ற பிளவு தம்புரா மாதிரி. ஒளி பெரும்பாலும் நேராகவே போகும்.

ஓரத்துப் பட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்பதும் இதிலேயே இருக்கிறது. பிளேடின் விளிம்பில் 1 என்பது சட்டென்று 0 ஆகிறது. செங்குத்தான அந்த வெட்டை நெளிவுகளைக் கொண்டு கட்ட வேண்டுமானால், மிகப் பொடியான நெளிவுகளும் கொஞ்சம் கொஞ்சம் தேவைப்படும். அவைதான் சுவரில் வெகுதூரம் வரை மங்கலாக நீளும் பட்டைகள். விளிம்புகள் படிப்படியாக மங்கி முடியும்படி ஒரு பிளவு செய்தால் ஓரப் பட்டைகள் தேய்ந்துவிடும். மங்குதலைச் சரியான மணி வடிவத்தில் அமைத்தால் முற்றிலும் மறைந்துவிடும். விலையாக நடுப்பட்டை கொஞ்சம் அகலமாகும், ஒளியும் குறையும். பிரகாசமான நட்சத்திரத்துக்கு அருகில் மங்கலான துணையைத் தேடுபவர்கள் தொலைநோக்கியின் வாயில் இந்த வேலையைச் செய்வதுண்டு. பெரிய நட்சத்திரத்தின் ஓரப் பட்டை சின்னதை விழுங்கிவிடக் கூடாதே என்பதற்காக.

சுவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. ஒரு நெளிவு எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அதன் மேடு எந்த இடத்தில் விழுகிறது என்பதும் ஃபூரியர் விடையில் உண்டு. இதற்குக் கட்டம் என்று பெயர். சுவர் வாங்கிக்கொள்வது வர்க்கத்தை மட்டுமே, கட்டம் அங்கே தொலைந்துபோகிறது. பிளவைப் பக்கவாட்டில் ஒரு மி.மீ. நகர்த்துங்கள். மூன்று மீட்டர் தள்ளி வரிசை அப்படியேதான் தெரியும், கூடவே ஒரு மி.மீ. நகர்ந்திருக்கும், அவ்வளவே. நடுவில் லென்ஸ் வைத்து அதன் குவியத்தில் திரையை நிறுத்தினால் அந்த ஒரு மி.மீ.கூட நகராது. பிளவு எங்கே இருக்கிறது என்ற செய்தி கட்டத்தில்தான் இருந்தது, அது போய்விட்டது.

இந்த மறதிக்கு ஒரு வேடிக்கையான விளைவு உண்டு. பிளேடுகளை எடுத்துவிட்டு, லேசர் கற்றையின் குறுக்கே ஒரு தலைமுடியை நீட்டி ஒட்டினேன். பிளவு என்பது நடுவில் 1, இருபுறமும் 0. முடியோ நடுவில் 0, இருபுறமும் 1. நேர் எதிர். சுவரில் அதே வரிசை! நடுவில் மட்டும் தடையில்லாமல் வந்த கற்றையின் சிவப்புப் பொட்டு கண்ணைக் கூசவைத்தது. அதற்கு வெளியே கறுப்பும் சிவப்புமாக மாறி மாறிப் பட்டைகள். காரணம், முடி என்பது முழுக் கற்றையிலிருந்து ஒரு பிளவைக் கழித்தது. முழுக் கற்றையின் ஃபூரியர் விடை நடுப்பொட்டோடு முடிந்துவிடுகிறது. வெளியே மிஞ்சுவது பிளவின் விடைதான், கழித்தல் குறியோடு. வர்க்கம் எடுக்கும்போது அந்தக் குறியும் போய்விடுகிறது. 1837-இல் இதைச் சொன்னவர் பிரெஞ்சுக்காரரான பாபினே. என் முடிக்குக் கறுப்புக்கும் கறுப்புக்கும் இடைவெளி 26 மி.மீ. வந்தது. 650 நானோமீட்டரை 3 மீட்டரால் பெருக்கி 26 மி.மீ.ஆல் வகுத்தால் 0.075 மி.மீ. தலைமுடியின் தடிமன்!

இவ்வளவும் சுவர் தொலைவில் இருந்தால்தான். எவ்வளவு தொலைவு? ஒரு சுவர்ப்புள்ளிக்குப் பிளவின் குறுக்கே நடைதூரம் சீராகக் கூடுகிறது என்று சொன்னேன். உண்மையில் முழுக்கச் சீராக இல்லை. ஒரு சிறு வளைவு உண்டு, நடுவை ஒப்பிட்டால் விளிம்புகள் சற்றே தூரம். அந்தக் கூடுதல், பிளவின் பாதி அகலத்தின் வர்க்கத்தைத் தொலைவின் இரட்டிப்பால் வகுத்தால் கிடைக்கும். 0.1 மி.மீ. பிளவுக்கு மூன்று மீட்டரில் அது 0.4 நானோமீட்டர். 650-க்கு முன்னால் இது ஒன்றுமேயில்லை. பிளேடுகளை 2 மி.மீ. விலக்கினால்? அதே கணக்கு 167 நானோமீட்டர் தருகிறது, ஏறக்குறையக் கால் அலைநீளம். இதைத் தள்ளிவிட முடியாது. நெளிவு இனி நெளிவாக இருக்காது, ஓரங்களில் நெருங்கி நடுவில் தளர்ந்த ஒன்றாகிவிடும், ஃபூரியர் மாற்றம் பொருந்தாது. கண்ணாலேயே இதைக் கண்டுபிடிக்கலாம்: கறுப்பு இடைவெளிகள் முழுக் கறுப்பாக இல்லாமல் சாம்பலாகும். இன்னும் விலக்கினால், விளிம்பை ஒட்டி மெல்லிய வரிகள் ஓடும் பிளவின் நிழலே சுவரில் தெரியத் தொடங்கும். கிட்டத்தில் பிளவின் படம், எட்டத்தில் பிளவின் நெளிவுக் கணக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு குழப்பமான பிரதேசம் கிடக்கிறது.

அந்த எட்டத்து வகைக்கு ஃபிரௌன்ஹோஃபர் பெயர் வைத்திருப்பது ஒரு தனிக்கதை. அவர் கண்ணாடிப் பட்டறைக்காரர். பதினொரு வயதில் அனாதையாகி, மியூனிக்கில் வேலை பழகிய வீடு 1801-இல் இடிந்து விழுந்ததில் இடிபாட்டுக்குள்ளிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர். 1821-இல் விளிம்பு விளைவை அளந்தபோது அவர் சுவர் தேடி ஓடவில்லை. கோணம் அளக்கும் தொலைநோக்கியின் முன்லென்ஸுக்கு முன்னால் பிளவை நிறுத்திவிட்டார். லென்ஸ் ஒவ்வொரு திசையிலிருந்து வருவதையும் ஒவ்வொரு புள்ளியில் குவிக்கும். மேலே சொன்ன வளைவை அது சமன் செய்துவிடுவதால், முடிவில்லாத் தொலைவில் உள்ள சுவர் குழாய்க்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. நம் கண்ணும் ஒரு லென்ஸ்தான். தூரத்துத் தெருவிளக்கைப் பார்த்தபடி அந்த அட்டைப் பிளவைக் கண்ணை ஒட்டிப் பிடித்தால், விளக்கு இருபுறமும் இழுபட்டு நிறம் கலந்த பட்டைகளாகத் தெரியும். (விளக்கைத்தான் சொன்னேன், லேசரை அல்ல. பிளேடின் கூரைக் கண்பக்கம் திருப்பவும் வேண்டாம்.)

என் முதல் முயற்சி சரியாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கறுப்புக் கோடுகள் செங்குத்தாக நிற்காமல், பனையோலை விசிறியின் ஈர்க்குகள்போல மேலே விலகியும் கீழே நெருங்கியும் இருந்தன. லேசர் பழுதோ என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் புரிந்தது: பிளேடுகள் இணையாக இல்லை, பிளவு மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்தது. லேசர் பொட்டு மூன்று மி.மீ. உயரம். அந்த உயரவாக்கில் ஒளி அதிகம் விரிவதில்லை, ஆகவே பொட்டின் மேல்பகுதி பிளவின் மேல்பகுதியையும் கீழ்ப்பகுதி கீழ்ப்பகுதியையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கின்றன. மேலே ஒடுக்கம், அதனால் விரிவு. கீழே அகலம், அதனால் நெருக்கம். விரலால் பிளேடைத் துளி தட்டினால் விசிறி மூடுவது சுவரில் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோணலைச் சரிசெய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இதுவரை சொன்னதில் ஒரு சிறு ஏமாற்று இருக்கிறது. நெளிவின் நீளம் λ / sin θ என்றேன்; அளந்ததோ சுவரில் மில்லிமீட்டர். சிறிய கோணங்களில் கோணமும் அதன் சைனும் சுவர்த்தூரமும் ஒரே விகிதத்தில் போவதால் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஃபூரியர் கணக்கு கேட்பது கோணத்தை அல்ல, சைனை. இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும் ஒரு இடத்தைச் சென்னை மாநிலக் கல்லூரியின் மாணவர் ஒருவர் பார்த்துவிட்டார். சி.வி. ராமனின் முதல் ஆய்வுக்கட்டுரை இதைப் பற்றியதுதான். லண்டனின் ஃபிலாசாஃபிகல் மாகசின் இதழில் 1906 நவம்பரில் வந்தது. அந்த மாதம்தான் அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. செவ்வகத் துளையால் உண்டாகும் சமச்சீரற்ற விளிம்புவிளைவுப் பட்டைகள் என்பது தலைப்பின் பொருள்.

நிறமாலைமானியின் நடுவில் ஒரு பட்டகம். ஒளி அதன் முகத்தை ஏறக்குறைய உரசிக்கொண்டு மிகச் சாய்வாக விழுந்து பிரதிபலிக்கிறது. அந்த முகமே ஒரு செவ்வகப் பிளவுபோல வேலை செய்து, பட்டைகளை உண்டாக்குகிறது. பட்டைகள் இருபுறமும் ஒரே அகலமாக இருக்க வேண்டும் என்று பாடம் சொல்லும். இங்கே ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் இருந்தன.

என் எண்களால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். முகத்தின் அகலம் 2 மி.மீ., சோடியம் விளக்கு, முகத்தின் செங்குத்திலிருந்து 87 பாகையில் ஒளி விழுகிறது. சாய்ந்து வரும் ஒளி முகத்தின் ஒரு ஓரத்தை முன்னாலும் மறு ஓரத்தைப் பின்னாலும் தொடுவதால், போகும் பாதைக்கு முன்பே ஒரு நெளிவு அங்கே விழுந்துகிடக்கிறது. அதைக் கழித்துக்கொண்டால் கறுப்புகளின் விதி இதுவாகும்:

a (sin θ − sin i) = m λ

ஒரு கறுப்பிலிருந்து அடுத்ததற்கு sin θ கூடுவதோ குறைவதோ ஏறத்தாழ 0.0003. சைனின் கணக்கில் இருபுறமும் ஒரே அடி. ஆனால் 90 பாகையை நெருங்கும்போது சைன் ஏறவே தயங்கும். அங்கே அதே 0.0003-ஐ எட்ட, கோணம் அதிகம் நகர வேண்டும். மையத்திலிருந்து முகத்தின் பக்கம் முதல் கறுப்பு 21 கலை தள்ளி (60 கலை ஒரு பாகை), அதற்கடுத்தது மேலும் 24 கலை தள்ளி. எதிர்ப்பக்கம் முதல் கறுப்பு 19 கலையில், அடுத்தது மேலும் 17 கலையில். ஒருபுறம் 21, 24 என்று விரிகிறது. மறுபுறம் 19, 17 என்று சுருங்குகிறது. ஃபூரியர் கணக்கில் கோணல் எதுவும் இல்லை. நிறமாலைமானியின் வட்டத்தில் பொறித்திருப்பது பாகை, சைன் அல்ல.

பட்டகக் கோணம் அளக்கும் அதே சோதனை கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் உண்டு. இணைக்கற்றையை முகத்தின் மேல் ஏறக்குறைய உரசவிட்டு, பிரதிபலித்த பிம்பத்துக்கு இருபுறமும் தொலைநோக்கியை மெதுவாக நகர்த்தினால் மஞ்சள் வரிகள் கண்ணில் படும். பட்டகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. எந்தப் பக்க வரிகள் அகன்றிருக்கின்றனவோ, முகம் அந்தப் பக்கம்.